ஈர விறகும் மூன்று இன்ச் வால்வும்

கரிசல் காட்டில் மழையே வேண்டாம் என்று வேண்டிக்கொண்ட பாவிகள் அந்த வட்டாரத்தில் நாங்கள் மட்டும்தான் இருந்திருப்போம். கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் போகிற ரோட்டில் இறங்கி உள்ளே நடந்தால் எங்கள் மின் ஆலை. சீமைக்கருவேல விறகை எரித்து, தண்ணீரை நீராவியாக்கி, அதைக் கொண்டு டர்பைனைச் சுழற்றி ஆறு மெகாவாட் மின்சாரம் எடுக்கிற ஆலை. விறகு முழுக்க வெட்டவெளியில் கிடக்கும். கொட்டகை போட வேண்டும் என்று ஒவ்வொரு கோடையிலும் பேசுவார்கள். மழை வந்ததும் தார்ப்பாய் எங்கே என்று தேடுவார்கள். ஈர விறகு எங்கே எரியும்? புகையத்தான் செய்யும். கோடையில் மணிக்கு இருபத்தெட்டு டன் நீராவி கொடுக்கிற பாய்லர் ஐப்பசி வந்தால் பதினாலு டன்னுக்கே மூச்சு வாங்கும்.

2003ஆம் வருஷத்து ஐப்பசி அது. நான் அங்கே இன்ஸ்ட்ருமென்ட் இன்ஜினியர். பிரஷர் மீட்டர், லெவல் மீட்டர், கன்ட்ரோல் வால்வ் என்று ஆலையின் கண்ணும் காதும் கையும் என் பொறுப்பு. எது கெட்டாலும் முதலில் "ஜெயஷீலா மேடத்தக் கூப்பிடு" என்பார்கள். சரியானதும் என் பெயர் யாருக்கும் ஞாபகம் வராது. அதில் எனக்கு ஆத்திரம் உண்டு, இப்போதும் உண்டு.

பாய்லரின் உச்சியில் டிரம் என்று ஓர் இரும்புப் பீப்பாய். அதில் தண்ணீர் எப்போதும் பாதியளவு நிற்க வேண்டும். ரொம்பக் குறைந்தால் அடியில் இருக்கிற குழாய்கள் நெருப்பில் வெந்து வெடிக்கும். ரொம்பக் கூடினால் நீராவியோடு தண்ணீரும் போய் டர்பைன் பிளேடைத் தின்றுவிடும். இதைப் பார்த்துக்கொள்ள பேனலில் ஒரு கன்ட்ரோலர். தண்ணீர் மட்டம் இறங்கினால் தண்ணீர் வால்வைத் திறக்கும், ஏறினால் மூடும். ஆட்டோ என்ற பொத்தானை அழுத்தினால் இதை அதுவே செய்யும். மேனுவல் என்ற பொத்தானை அழுத்தினால் ஆபரேட்டர் கையால் திறந்து மூட வேண்டும். முந்தின வருஷம் ஒருவர் கையால் ஓட்டி, மட்டம் ஏறியதைக் கவனிக்காமல் விட்டு, டர்பைனுக்குள் தண்ணீர் போய்விட்டது. அன்றிலிருந்து மேனேஜர் ராமசுப்பு சாரின் உத்தரவு பேனலுக்கு மேலே சிவப்பு எழுத்தில் தொங்கியது: ஆட்டோவில்தான் ஓட்ட வேண்டும், கையால் ஓட்டுகிறவருக்கு வேலை இல்லை.

பேனல் ஆபரேட்டர் இசக்கிபாண்டியின் ஷிப்டில் முதல் ட்ரிப், அதாவது ஆலை தானாக நின்றுபோவது, வந்தது ஒரு மத்தியானம். நான் டப்பாவைத் திறந்து புளிச்சோற்றில் கை வைத்திருந்தேன். சேஃப்டி வால்வ் தூக்கி, நீராவி வானத்தைப் பார்த்துக் கத்தியது. எட்டயபுரம் வரைக்கும் கேட்டிருக்கும். கையைக் கழுவாமல் கன்ட்ரோல் ரூமுக்கு ஓடினேன். டிரம்மில் தண்ணீர் அபாய அளவுக்குக் கீழே போனதால் பாதுகாப்பு அமைப்பு விறகு ஊட்டுவதையும் காற்றாடியையும் நிறுத்தி, டர்பைனையும் நிறுத்திவிட்டது. அது அதன் வேலையைச் செய்தது. இசக்கி பேனல் முன்னால் நின்றுகொண்டிருந்தான். ஆடு மேய்க்கிற குடும்பத்திலிருந்து வந்து, பாய்லர் பரீட்சை எழுதி, சான்றிதழ் வாங்கி உட்கார்ந்தவன். உத்தரவு என்றால் உத்தரவு என்று இருக்கிற பிள்ளை.

"என்னாச்சு இசக்கி?"

"தண்ணி ஊஞ்சல் ஆடுன மாதிரி ஆடுது மேடம். ஏறுது, எறங்குது. ஒவ்வொரு தடவையும் முன்னத்தைவிடக் கூட ஆடுது. நான் ஒண்ணுமே தொடல. ஆட்டோவுலதான் கிடந்துச்சு."

ராமசுப்பு சார் உள்ளே வந்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் மெகாவாட் குறைந்தால் அவருக்குக் கண் தெரியாது. "ஏலே, தண்ணி எறங்குறது தெரியாம எங்க போய் நின்ன? பீடி குடிக்கப் போனியாக்கும்?"

"நான் பீடி குடிக்க மாட்டேன் சார். இங்கனதான் நின்னேன்."

"நின்னா எப்படில எறங்கும்?"

இசக்கி என்னைப் பார்த்தான். நான் லெவல் மீட்டரைப் பார்த்தேன்.

அடுத்த இரண்டு நாளும் மழையில் நனைந்துகொண்டு லெவல் மீட்டரைச் சோதித்தேன். குழாய் அடைப்பா என்று பார்த்தேன், கசிவா என்று பார்த்தேன். செருப்பில் கரிசல் மண் ஒட்டி ஒட்டி, ஏணியில் ஏறும்போது காலுக்கு ஒரு கிலோ எடை கூடியிருந்தது. மீட்டர் சுத்தமாக இருந்தது. சரி, தண்ணீர் எப்படி ஆடுகிறது என்று கண்ணால் பார்ப்போம் என்று கன்ட்ரோல் ரூமுக்குப் போனேன். அப்போது மாயகிருஷ்ணனின் ஷிப்ட். நாற்பது வயது, மூத்த ஆபரேட்டர், சிரித்த முகம். கதவைத் திறந்ததுமே திரும்பி, "வாங்க மேடம். ஆட்டோவுலதான் இருக்கு" என்றார். இரண்டு நிமிஷம் நின்று பார்த்தேன், மட்டம் நூல் பிடித்த மாதிரி நேராக நின்றது. மூன்றாவது ஆபரேட்டர் சீனியின் ஷிப்டிலும் போய்ப் பார்த்தேன். அங்கேயும் அப்படித்தான்.

இதுதான் என்னைப் பயமுறுத்தியது. பழுது என்றால் எல்லோருக்கும் வர வேண்டும். ஒருவன் ஷிப்டில் மட்டும் வருகிற பழுதை எந்தப் புத்தகத்தில் தேடுவது? நான் கூட ஒரு நிமிஷம் இசக்கியைச் சந்தேகப்பட்டேன்.

அந்த வாரமே இரண்டாவது ட்ரிப். அதுவும் இசக்கியின் ஷிப்ட்தான். ராமசுப்பு சார் அவனை அங்கேயே எழுந்து போகச் சொன்னார். திங்கட்கிழமை விசாரணை. வேலையை விட்டு எடுப்பதோடு, பேனலை விட்டு அகன்றான் என்று சான்றிதழ் கொடுக்கிற பாய்லர் ஆபீசுக்கும் எழுதப்போவதாகச் சொன்னார். அது போனால் சான்றிதழ் போகும். சான்றிதழ் போனால் இந்த ஆலை மட்டுமில்லை, எந்த ஊர்ப் பாய்லர் முன்னாலும் அவன் நிற்க முடியாது.

அன்று சாயங்காலம் பஸ்ஸுக்கு நின்றபோது குடையில்லாமல் ஒரு பெண் என் பக்கத்தில் வந்து நின்றாள். இசக்கியின் மனைவி முத்துசெல்வி. தீப்பெட்டி ஆபீசில் வேலை செய்கிறவள், மாசமாக இருந்தாள், விரலில் மருந்துக்கறை இருந்தது.

"மேடம், அவிய வேலையில கண்ணசருற ஆளா? நீங்க சொல்லுங்க. வீட்டுல உலை வச்சாக்கூட பொங்குதா வத்துதான்னு எந்திரிச்சு எந்திரிச்சுப் பாக்குற மனுசன். மொத தடவ ஆலை நின்னதுலேந்து சோறு எறங்கல. கூரையப் பாத்துட்டே கெடக்காவ."

"நான் பாக்குதேன் முத்துசெல்வி."

"திங்கக்கெழமைக்குள்ள பாப்பியளா?"

அவள் கேட்ட மாதிரி ராமசுப்பு சார் கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவளிடம் தலையை மட்டும் ஆட்டினேன்.  பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். பழி எங்கே விழுந்தது என்று தெரிகிறது, பாவம் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லையே.

மறுநாள் சனிக்கிழமை. மீட்டரை விட்டுவிட்டு வால்விலிருந்து தொடங்கினேன். சித்திரையில் இந்தத் தண்ணீர் வால்வைப் புதிதாக மாட்டியபோது நான்தான் கன்ட்ரோலரை அமைத்தேன். அப்போது முழு லோடு, ஆலை முழு அளவு மின்சாரம் எடுத்துக்கொண்டிருந்தது. வால்வை மேலும் ஐந்து சதம் திறந்து பார்த்ததில் தண்ணீர் மணிக்கு இரண்டு டன்கூடக் கூடவில்லை. சோம்பேறி வால்வாக இருக்கிறதே என்று, கன்ட்ரோலரின் கெயினைச் சற்று முறுக்கியே வைத்தேன். கெயின் என்றால் மட்டம் ஒரு விரல் இறங்கினால் வால்வை எவ்வளவு திறக்க வேண்டும் என்கிற கணக்கு. முழு லோடுக்கு அது பொருந்தியது. கோடை முழுக்க ஒரு குறையும் இல்லை. அதே சோதனையை இப்போது பாதி லோடில் செய்து பார்க்கலாம் என்று தோன்றியது.

மாயகிருஷ்ணன்தான் ஷிப்டில் இருந்தார். "அண்ணாச்சி, என் பொறுப்புல ஒரு நிமிசம் மேனுவல்ல போடுங்க. வால்வ அஞ்சு சதம் திறந்து பாக்கணும்."

"அஞ்சு வேண்டாம் மேடம்" என்றார் பதறி. "ஒண்ணு ஒண்ணாப் போங்க. அஞ்சுன்னா எக்கச்சக்கமா ஏறிரும்."

நான் அவர் பேச்சைக் காதில் வாங்கவில்லை. ஃப்ளோ மீட்டரையே பார்த்துக்கொண்டு ஐந்து சதம் திறந்தேன். முள் பதினாலிலிருந்து பதினெட்டுக்குப் போயிற்று. நான்கு டன்.  பழைய இடத்துக்குக் கொண்டு வந்து வைத்துவிட்டு வெளியே ஓடினேன்.

அதே ஐந்து சதம். முழு லோடில் இரண்டு டன்னுக்குக் குறைவு, பாதி லோடில் நான்கு டன். கன்ட்ரோலர் ஒன்றும் மாறவில்லை. ஆனால் அது கேட்பதற்கு இரண்டு மடங்குக்கு மேல் தண்ணீர் கொடுக்கிறது வால்வ். சரியாகச் சமைக்கிற கையில் கரண்டிக்குப் பதில் அகப்பையைக் கொடுத்த மாதிரி. உப்புக் குறைகிறதே என்று போட்டால் கூடிவிடும், கூடிவிட்டதே என்று தண்ணீர் ஊற்றினால் சப்பென்று போகும். ஆட்டம் ஒவ்வொரு முறையும் பெரிதாகிக்கொண்டே போவதற்கு இது போதும்.

கூலிங் டவருக்குப் பின்னால் பழைய இரும்புக் குவியலில் பழைய வால்வ் கிடந்தது. மண்ணைத் துடைத்துத் தகட்டைப் படித்தேன். இரண்டு இன்ச், ஈக்குவல் பர்சன்டேஜ். புது வால்வின் தகடு: மூன்று இன்ச், லீனியர்.

இந்த இரண்டுக்கும் வித்தியாசம் இதுதான். லீனியர் என்றால் எவ்வளவு திறக்கிறோமோ அதற்கு நேர் கணக்கில் வழி கூடும். ஈக்குவல் பர்சன்டேஜ் என்றால் ஏற்கெனவே போய்க்கொண்டிருப்பதைப் பொறுத்துக் கூடும். பத்து சதம் திறக்கும்போதெல்லாம் இருக்கிற வழியைப் போல ஒன்றரை மடங்கு. கொஞ்சம் போகும்போது கொஞ்சமாகக் கூட்டும், நிறையப் போகும்போது நிறையக் கூட்டும். கேட்பதற்கு லீனியர்தான் ஒழுங்கு மாதிரி இருக்கும். சோதனைக்கூடத்தில், வால்வின் இரு பக்கமும் அழுத்தம் மாறாமல் இருந்தால் ஒழுங்குதான். ஆனால் எங்கள் குழாயில் அழுத்தம் நிலையாக இருக்காதே. தண்ணீர் குறைவாகப் போகும்போது பம்பின் முழு பலமும் வால்வின் மேல் உட்கார்ந்திருக்கும், சின்னத் திறப்பிலேயே பீறிடும். நிறையப் போகும்போது குழாயும் வளைவும் அந்த பலத்தைத் தின்றுவிடும், எவ்வளவு திறந்தாலும் மந்தமாகத்தான் கூடும். ஆக லீனியர் வால்வ் பாதி லோடில் பாயும், முழு லோடில் படுத்துக்கொள்ளும். ஈக்குவல் பர்சன்டேஜின் குணம் அதற்கு நேர் எதிர், ஒன்றை ஒன்று சரிக்கட்டி ஏறக்குறைய சமமாகிவிடும். அதற்காகத்தான் முதலில் கட்டியவர்கள் அதைப் போட்டிருந்தார்கள்.

போதாக்குறைக்கு அளவு. இது ரொம்பப் பெரிய வால்வ். முழு லோடுக்கே நாற்பது சதம் திறந்தால் போதும், பாதி லோடில் பதினைந்து சதத்தில்தான் நிற்கும். புது வால்வின் தண்டு இறுக்கம் வேறு. கொஞ்சம் ஒட்டிக்கொண்டு நின்று, பிறகு திடீரென்று இரண்டு சதம் குதிக்கும். நாற்பதில் குதித்தால் ஒன்றுமில்லை. பதினைந்தில் அந்தக் குதிப்பு ஒன்றரை டன் தண்ணீர்.

ராமசுப்பு சாரின் அறைக்குப் போனேன். ஒரே மூச்சில் சொன்னேன். அவர் பொறுமையாகத்தான் கேட்டார்.

"குழாய் மூணு இன்ச்சு. அதான் வால்வும் மூணு இன்ச்சு வாங்கச் சொன்னேன். நாளைக்கு எட்டு மெகாவாட் ஆக்குனா திரும்ப வாங்கணுமேன்னுதான். பெருசா இருந்தா நல்லதுதானம்மா? வேணுங்கிற அளவு திறந்துக்கிடப் போவுது."

"எட்டு மெகாவாட்டுக்குச் சரி சார். நாம மழைக்காலத்துல மூணுல நிக்கோம். இந்த வால்வுக்குப் பாதி லோடு ஆகாது."

"சரி, நீ சொல்றபடியே வச்சிக்கிடுவோம்." அவர் நாற்காலியில் சாய்ந்தார். "பாதி லோடு இசக்கிக்கு மட்டுமா? மாயகிருஷ்ணனுக்கும் அதே வெறகு, அதே மழை, அதே வால்வுதான். சீனிக்கும் அப்படித்தான். அவிய ரெண்டு பேருக்கும் ஆடலியே. வால்வு ஆள் பாத்தா ஆடும்?"

 கணக்கு சரி, குணம் சரி, எல்லாம் சரி, ஆனால் அவர் கேட்டதும் சரி. பாதுகாப்பு அமைப்பை முடக்கி ட்ரிப் வராமல் செய்ய வழி உண்டா என்றும் கேட்டார். அதை மட்டும் கேட்காதீர்கள் சார், அது இல்லாவிட்டால் அன்றைக்கே குழாய் வெடித்திருக்கும் என்று சொல்லிவிட்டு வந்தேன். குரல் கொஞ்சம் உயர்ந்துதான் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை கோவிலில் பாஸ்டர் எதைப் பற்றிப் பிரசங்கம் செய்தார் என்று கேட்டால் தெரியாது. பாட்டுக்கு எழுந்து நிற்கையில் மாயகிருஷ்ணனின் குரல் காதில் விழுந்தது. அஞ்சு வேண்டாம் மேடம், ஒண்ணு ஒண்ணாப் போங்க.

ஐந்து சதம் திறந்தால் எக்கச்சக்கமாக ஏறும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

மேனுவலில் தொடவே கூடாது என்று உத்தரவு. வால்வ் சித்திரையில் மாட்டியது. கையால் அதை ஓட்டியே பார்க்காத மனுஷருக்கு, பாதி லோடில் அதன் முறுக்கு எவ்வளவு என்று விரலில் எப்படிப் பதிந்தது? எனக்கே சோதித்த பிறகுதானே தெரிந்தது. பாட்டு முடிந்து எல்லோரும் உட்கார்ந்த பிறகும் நான் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்திலிருந்தவர் சேலையைப் பிடித்து இழுத்தார்.

புரிந்ததும் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்குப் பயம்தான் கூடியது. சொன்னால் இசக்கி பிழைப்பான், மாயகிருஷ்ணன் போவார். அவருக்குக் கல்யாணத்துக்கு இரண்டு பெண்கள். சொல்லாமல் இருந்தால் ஒரு தப்பும் செய்யாதவன் போவான். இதில் எந்தப் பக்கம் திறந்தாலும் யாரோ ஒருவர் தலையில் கொட்டும்.

திங்கட்கிழமை காலையில் முதல் வேலையாகப் பாதுகாப்பு ட்ரிப் சரியாக வேலை செய்கிறதா என்று சோதித்துக்கொண்டேன். பிறகு ராமசுப்பு சாரிடம் போய், விசாரணைக்கு முன்னால் கன்ட்ரோல் ரூமுக்கு வாருங்கள் என்றேன். எதற்கு என்று கேட்டார். சும்மா நிற்க என்றேன்.

வெளியே தூறல். லோடு பதின்மூன்று டன். கதவைத் திறந்தபோது மாயகிருஷ்ணனின் கை பேனலிலிருந்து விலகியது. டக் என்று பொத்தான் சத்தம். இத்தனை நாளும் அது என் காதில் விழுந்துதான் இருக்கும்.

"வாங்க சார், வாங்க மேடம். ஆட்டோவுலதான் இருக்கு."

"இருக்கட்டும் அண்ணாச்சி. நாங்க கொஞ்ச நேரம் இங்கன நிக்கோம்."

மட்டம் நேராக நின்றது. ராமசுப்பு சார் கடிகாரத்தைப் பார்த்தார். மாயகிருஷ்ணன் டீ சொல்லவா என்றார், வேண்டாம் என்றேன். யார்டில் நனைகிற விறகைப் பார்க்க வருகிறீர்களா என்றார், அதுவும் வேண்டாம் என்றேன். இதற்குள் மட்டம் கொஞ்சம் ஏறி, கொஞ்சம் இறங்கியது. கண்ணுக்குத் தெரிகிற அளவுதான். வால்வ் பதினைந்திலிருந்து பன்னிரண்டுக்குப் போய், ஒட்டி நின்று, பதினெட்டுக்குத் தாவியது. மட்டம் மறுபடி ஏறியது. முன்னதைவிடக் கூட.

மாயகிருஷ்ணன் சட்டைக் காலரால் கழுத்தைத் துடைத்தார். "சார், ஆபீசுல போன் அடிக்குதாப்ல இருக்கு."

"அடிக்கட்டும்" என்றார் ராமசுப்பு சார். அவர் கண் இப்போது முள்ளில் இருந்தது.

மட்டம் இறங்கியது. முதல் எச்சரிக்கை மணி அடித்தது. ஏறியது. மேல் எச்சரிக்கை மணி.  ட்ரிப் வந்தால் அதை வரவழைத்தவள் நான்தான், அதற்கும் விசாரணை வைக்கலாம். மறுபடி இறங்கியது, வேகமாக. அபாயக் கோட்டுக்கும் முள்ளுக்கும் நடுவே விரற்கடை இடம்தான்.

"சார், நீங்க போங்க சார்." மாயகிருஷ்ணன் கை கூப்பினார். "உங்களக் கும்புட்டுக் கேக்கேன். நீங்க ரெண்டு பேரும் வெளிய போங்க, நான் பாத்துக்கிடுதேன்."

"ஆட்டோ பாத்துக்கிடும்லா? நீ என்னத்தப் பாக்கப்போற?"

அவர் அதற்கு மேல் நிற்கவில்லை. திரும்பி மேனுவல் பொத்தானை அழுத்தினார். வால்வை ஒரு சதம் திறந்தார், பார்த்தார், காத்திருந்தார், இன்னொரு சதம். தொடுவது பூப்போல இருந்தது. முள் நின்றது. மெல்ல மேலே வந்தது. மணி அடங்கியது. 

"எத்தன நாளாலே?" என்று கேட்டார் ராமசுப்பு சார்.

"மழை விழுந்ததுலேந்து சார். சீனியும்தான். ஆட்டோவுல நிக்க மாட்டக்கு. சொன்னா மேல தொங்குற போர்டக் காட்டுவீங்க. ஆள் வந்தா ஆட்டோவுல போட்டுட்டு, போனதும் கையில எடுத்துக்கிடுவோம்."

"இசக்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன் சார். அவன் கேக்கல. உத்தரவுன்னா உத்தரவுன்னுட்டான்."

ராமசுப்பு சார் தலைக்கு மேல் தொங்கிய சிவப்பு எழுத்தை நிமிர்ந்து பார்த்தார். என்னைப் பார்த்து, "அப்ப சட்டப்படி இவனயும் அனுப்பணுமோ?" என்றார்.

"இவிய கையில பிடிக்கலன்னா தினம் ட்ரிப்தான் சார். அனுப்பணும்னா அந்த வால்வ அனுப்புங்க."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் விசாரணை நடக்கவில்லை. பாய்லர் ஆபீசுக்குக் கடிதமும் போகவில்லை. யாரும் யாரிடமும் மன்னிப்பும் கேட்கவில்லை. எங்கள் ஆலையில் அந்தப் பழக்கம் கிடையாது.

இசக்கி மறுநாள் வந்தான். நான் அதற்குள் கெயினைப் பாதிக்குக் கீழே இறக்கி, விட்ட குறையைத் துரத்தித் துரத்திச் சரிசெய்கிற வேகத்தையும் குறைத்து வைத்திருந்தேன். லோடு கூடினால் இது போதாது, மந்தமாகிவிடும், வெயில் வந்து விறகு காய்ந்ததும் என்னைக் கூப்பிடு, பழைய எண்ணைப் போட வேண்டும் என்று சொன்னேன். வால்வின் உள்பாகம் மட்டும் புதிதாக, சின்ன வாய் உள்ள ஈக்குவல் பர்சன்டேஜ், வாங்கச் சொல்லியிருக்கிறது, வரும்வரை இந்த ஒட்டுப்போட்ட வேலைதான் என்றேன். அவன் எல்லாவற்றுக்கும் சரி மேடம் என்றான். பிறகு பேனலைப் பார்த்தபடியே கேட்டான்.

"மேடம், ஒண்ணு கேக்கட்டா? நானும் அவிய மாதிரி போர்டுக்குக் கீழ நின்னு கள்ளத்தனமா கையில ஓட்டியிருந்தா, எனக்கு ஒண்ணும் வந்திருக்காதுல்லா?"

நான் டூல் பையை மூடினேன். 

"ஆமா இசக்கி. வந்திருக்காது."

அவன் தலையை ஆட்டினான். ஆட்டோவை அழுத்தினான். மட்டம் கொஞ்சம் அசைந்து, ஆடாமல் நின்றது. நாங்கள் இரண்டு பேரும் முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

புது உள்பாகம் தை மாதம் வந்தது. மாட்டி, பாதி லோடிலும் முக்கால் லோடிலும் முழு லோடிலும் சோதித்தேன். எங்கே ஐந்து சதம் திறந்தாலும் இரண்டரை டன்னுக்கு முன்னே பின்னேதான் கூடியது. ஒரே கெயின், எல்லா லோடுக்கும். ராமசுப்பு சார் சிவப்பு எழுத்துப் போர்டைக் கழற்றச் சொன்னார். ஆட்டோவில் ஓட்ட இனி உத்தரவே வேண்டாம், அதுவே நிற்கும் என்றேன். எனக்கு அப்படி ஒரு பெருமை.

மாசியில் ஒரு நாள், நல்ல வெயில், முழு லோடு. இசக்கியின் ஷிப்ட். முத்துசெல்விக்கு ஆண் பிள்ளை பிறந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு, வாழ்த்துச் சொல்லலாம் என்று கன்ட்ரோல் ரூமுக்குப் போனேன். கதவைத் தள்ளினேன். டக் என்று பொத்தான் சத்தம்.

இசக்கி பேனலிலிருந்து கையை எடுத்துவிட்டுத் திரும்பினான். மேலே போர்டும் இல்லை, வால்விலும் இப்போது குறை இல்லை.

"வாங்க மேடம்" என்றான். "ஆட்டோவுலதான் இருக்கு."